பினாங்கு வெக்கைக்கு ஏற்ற காலெண்டுலா களிம்பு: மெழுகுக்கும் எண்ணெய்க்கும் அளவு கண்ட கதை

சென்ற ஆண்டு, காலெண்டுலா பூவை ஊற வைத்த எண்ணெயில் நான் முதன்முதலாகச் செய்த களிம்பு, இரவில் பார்த்தபோது நன்றாகவே இறுகியிருந்தது. மறுநாள் பகல் இரண்டு மணிக்கு மூடியைத் திறந்து டப்பாவைச் சற்றே சாய்த்ததும், ஆறிய கூழ்போல் அது ஒரு பக்கமாக நகர்ந்தது. அம்மாவின் பித்தவெடிப்புக்காகச் செய்தது அது. குதிகாலில் தடவியவுடன் உருகி வழிந்து, தரை ஓட்டில் எண்ணெய்த் தடத்தை விட்டதே தவிர வெடிப்புக்குள் தங்கவில்லை. நான் பின்பற்றிய குறிப்பு "ஒரு பங்கு தேன்மெழுகு, நான்கு பங்கு எண்ணெய்" என்றுதான் சொல்லியது. அந்த அளவில் செய்தால் இறுக்கமான களிம்பு கிடைக்க வேண்டும். குறிப்பிலும் தவறில்லை, மெழுகிலும் தவறில்லை, நான் அளந்த விதத்தில்தான் தவறு என்பது தெரிவதற்கு இன்னொரு முறை செய்து பார்க்க வேண்டியிருந்தது.

நான் அளந்தது கோப்பையால். துருவிய மெழுகு கால் கோப்பை, எண்ணெய் ஒரு கோப்பை. பிறகு அதே கோப்பைகளைத் தராசில் வைத்துப் பார்த்தபோது, துருவிய மெழுகு 28 கிராம்தான் இருந்தது. எண்ணெய் 220 கிராம். துருவலுக்கு இடையில் இருந்த காற்றையும் சேர்த்து நான் மெழுகாகக் கணக்கிட்டிருந்தேன். ஒன்றுக்கு நான்கு என்று நினைத்துச் செய்தது உண்மையில் ஒன்றுக்கு ஏறத்தாழ எட்டு. குளிர்நாட்டுச் சமையலறையில் அதுவும் ஒரு மென்மையான களிம்பாகத் தங்கியிருக்கும். பகலில் 32 டிகிரி எட்டும் ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில் தங்கவில்லை. அன்று முதல் மெழுகு, எண்ணெய், பூ எல்லாவற்றையும் கிராமில்தான் அளக்கிறேன். ஒரு கிராம் வரை மட்டுமே காட்டும் சமையலறைத் தராசு சிறு சோதனைகளுக்குப் போதாது. மூன்று கிராம் மெழுகில் அரை கிராம் பிழை என்றால் அளவே மாறிவிடும். ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் சிறு தராசு ஒன்றை வாங்கிக்கொண்டேன்.

குறிப்புகளில் இன்னொரு குழப்பமும் உண்டு. சிலர் "20 விழுக்காடு மெழுகு" என்று எழுதுவார்கள், சிலர் "ஒன்றுக்கு ஐந்து" என்று எழுதுவார்கள். இரண்டும் ஒன்றே என்று தோன்றும். ஆனால் விழுக்காடு என்பது மொத்த எடையில் கணக்கிடப்படுவது. 100 கிராம் களிம்பில் 20 கிராம் மெழுகு இருந்தால் எண்ணெய் 80 கிராம். அது ஒன்றுக்கு நான்கு. ஒன்றுக்கு ஐந்து என்பதோ ஏறத்தாழ 17 விழுக்காடு. இந்த வேறுபாட்டை விரலே உணர்ந்துவிடும் என்பதால், எவர் குறிப்பைப் படித்தாலும் அது எந்தக் கணக்கு என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

அளவுக்கு வருமுன் பூவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நம்மவர்களுக்கு வரும் முதல் மயக்கமே அங்கேதான். லிட்டில் இந்தியாவில் மாலை கட்டும் கடைகளில் குவிந்திருக்கும் மஞ்சள், ஆரஞ்சு நிறச் செண்டுமல்லியைத்தான் காலெண்டுலா என்று பலர் எண்ணுகிறார்கள். ஆங்கிலத்தில் இரண்டையும் மேரிகோல்டு என்று அழைப்பதே காரணம். இரண்டும் ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை, ஆனால் வேறு வேறு செடிகள். செண்டுமல்லி டாஜெட்டிஸ் இனம்; அதில் வெயில் பட்டால் தோலை எரிச்சலூட்டும் சேர்மங்கள் உண்டு. மாலைக்குப் பயன்படும் பெரிய செண்டுமல்லியின் பூச்சாற்றையும் எண்ணெயையும் அழகுப் பொருள்களில் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடை செய்தது. ஆகவே சாமிக்குப் போட்ட மாலையை உதிர்த்து எண்ணெயில் ஊற வைக்கும் யோசனையைக் கைவிட்டுவிடுங்கள். நமக்கு வேண்டியது காலெண்டுலா அஃபிசினாலிஸ். அது குளிர்ந்த வானிலையை விரும்பும் செடி. பினாங்கின் சமவெளி வெக்கையில் நான் வளர்த்த இரண்டு தொட்டிகளும் நான்கு மெலிந்த பூக்களோடு முடிந்துபோயின. எனவே உலர்ந்த பூவாகவே வாங்குகிறேன். வெறும் இதழ்களைவிட, பச்சை அடிப்பாகத்தோடு கூடிய முழுப் பூவாகக் கிடைத்தால் அதையே எடுப்பேன். பிசுபிசுப்பான பிசின் அந்த அடிப்பாகத்தில்தான் மிகுதி.

உலர்ந்த பூ என்று பொட்டலத்தில் எழுதியிருந்தாலும், நம் ஊர்க் காற்றில் ஒரு வாரம் திறந்திருந்தால் அது உலர்ந்த பூ அல்ல. அப்பளத்துக்கு ஆவது அதற்கும் ஆகும். என் இரண்டாம் முயற்சி கெட்டதற்கு இதுதான் காரணம்: கண்ணாடிக் குடுவையில் பூவையும் எண்ணெயையும் போட்டு நான்கு வாரம் ஜன்னலோரம் வைத்திருந்தேன், மூன்றாம் வாரத்தில், எண்ணெய்க்கு மேலே தலைநீட்டிய இதழ்களில் சாம்பல் நிறப் பூஞ்சை படர்ந்திருந்தது. எண்ணெயில் நுண்ணுயிர் வளர்வதில்லை, எண்ணெய்க்குள் பூ கொண்டுவரும் ஈரத்தில்தான் வளர்கிறது. ஆகவே இப்போது, பூவைத் தட்டில் பரப்பி, அடுப்புப் பெட்டியை அதன் மிகக் குறைந்த சூட்டில் வைத்து, கதவைச் சற்றே திறந்தபடி அரை மணி நேரம் காய விடுகிறேன். அடிப்பாகத்தை நகத்தால் மடித்தால் வளையக் கூடாது, "பட்"டென்று ஒடிய வேண்டும். இதழ் மொறுமொறுப்பாக இருப்பதை நம்பக் கூடாது. இதழ் எப்போதும் முதலில் காய்ந்துவிடும், அடிப்பாகம்தான் ஈரத்தை மறைத்து வைத்திருக்கும்.

ஊறல் எண்ணெய்க்கு எந்த எண்ணெய் என்பதில் எனக்கு முதலில் எந்த ஐயமும் இருக்கவில்லை. நம் வீட்டில் எண்ணெய் என்றால் தேங்காய் எண்ணெய். அதில் செய்த களிம்பு கூடத்தில் இருக்கும்போது சரியாக இருந்தது. அம்மா இரவில் குளிர்சாதனம் ஓடும் தம் அறைக்கு எடுத்துப் போனபோது கல்லாகிவிட்டது. "இது என்னம்மா, மெழுகுவத்தி மாதிரி இருக்கு, நகம்தான் உடையுது" என்றார். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியை ஒட்டி உறையும் பொருள். நம் வீடுகளில் கூடம் ஒரு பருவம், படுக்கையறை வேறொரு பருவம் என்று இருப்பதால், அந்த ஒரே எண்ணெய் ஒரே நாளில் இரண்டு பொருளாக நடந்துகொள்கிறது. மெழுகை எந்த அளவில் சேர்த்தாலும் இதைச் சரிசெய்ய முடியாது. நல்லெண்ணெய் இரண்டு அறையிலும் நீர்மமாகவே இருக்கும், எளிதில் கெடவும் செய்யாது. ஆனால் அதன் மணத்தில் தேன்மெழுகின் மணம் மூழ்கிவிடுகிறது. இறுதியில் சாதாரண ஆலிவ் எண்ணெயில் நிலைகொண்டேன்.

ஊற வைத்த முறை இது. 200 கிராம் எண்ணெய்க்கு 20 கிராம் காய்ந்த பூ, அதாவது பத்துக்கு ஒன்று. பூவைக் கையால் நொறுக்கி, நன்றாகக் காய்ந்த குடுவையில் போட்டு எண்ணெயை ஊற்றினேன். ரைஸ் குக்கரின் அடியில் மடித்த துணியை விரித்து, அதன்மேல் குடுவையை நிறுத்தி, குடுவையின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, சூடு காக்கும் நிலையில் வைத்தேன். எங்கள் குக்கர் மூடியிருந்தால் தண்ணீர் 70 டிகிரியைத் தொடுகிறது. மூடியைத் திறந்து வைத்தால் 55 அளவில் நிற்கிறது. திறந்தே வைத்தேன். குடுவையின் வாயில் மூடி போடாமல் மெல்லிய பருத்தித் துணியைக் கட்டினேன். மூடி போட்டால், பூவிலிருந்து கிளம்பும் சிறிதளவு நீராவியும் மூடியில் முத்து முத்தாகக் கட்டி மறுபடி எண்ணெயிலேயே சொட்டும். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரமாக இரண்டு நாள். இரண்டாம் நாள் முடிவில் எண்ணெய் வெளிர்மஞ்சளிலிருந்து தேன் நிறத்துக்கு வந்திருந்தது. பொரித்த வாசம் வந்தால் சூடு மிகுந்துவிட்டது என்று பொருள். அந்த எண்ணெய் சமையலுக்கும் ஆகாது, களிம்புக்கும் ஆகாது.

வடிகட்டும்போது பூவைத் துணியில் இறுக்கிப் பிழிவதற்குக் கை துறுதுறுக்கும். பிழிந்தேன், ஆனால் கடைசிப் பிழிதலைத் தனியாகப் பிடித்துக்கொண்டேன், கலங்கலும் ஈரமும் அதில்தான் வரும். மீதியை ஓரிரவு அசையாமல் வைத்து, காலையில் அடியில் மண்டியை விட்டுவிட்டு மேலெண்ணெயை மட்டும் இறுத்தேன். ஊற்றிய 200 கிராமில் தெளிந்து கிடைத்தது 165 கிராம். பூ தன் எடையைவிட மிகுதியான எண்ணெயைக் குடித்துவிடுகிறது. ஆகவே மெழுகின் அளவை முதலில் ஊற்றிய எண்ணெயிலிருந்து கணக்கிடக் கூடாது, கையில் கிடைத்த எண்ணெயிலிருந்துதான் கணக்கிட வேண்டும். எண்ணெயில் ஈரம் மிச்சமிருக்கிறதா என்பதை அறிய, ஒரு கரண்டியில் சில சொட்டுகளை எடுத்துத் தீயில் காட்டினேன். தாளிக்கும்போது கடுகுக்கு முன்பே எண்ணெய் சடசடத்தால் சட்டியில் தண்ணீர் இருந்தது என்று நமக்குத் தெரியுமல்லவா, அதே சோதனைதான். சத்தமில்லாமல் புகைந்தால் எண்ணெய் தயார்.

மெழுகில் ஒரு சிறு கிளைக்கதை. சுங்கைப்பட்டாணியில் இருக்கும் சித்தப்பா, தம் தோட்டத்துக் கெலுலுட் கூட்டிலிருந்து ஒரு பொட்டலம் மெழுகு கொண்டுவந்து கொடுத்தார். கொட்டாத அந்தச் சிறு தேனீ, மெழுகோடு மரப்பிசினையும் கலந்துதான் கூடு கட்டும். உருக்கினால் கறுத்த பிசின் அடியில் ஒட்டிக்கொண்டது. மேலே இருந்தது விரலில் பசைபோல் இழுத்தது. இந்தக் கணக்குகள் எதற்கும் அது பொருந்தாது. நான் பயன்படுத்துவது சாதாரணத் தேனீயின் மெழுகு. 62 முதல் 64 டிகிரிக்குள் உருகும், தேன் மணம் வீசும். கட்டியாக வாங்கினால், துருவுமுன் அரை மணி நேரம் குளிர்ப்பெட்டியில் வையுங்கள், இல்லையென்றால் நம் வெக்கையில் துருவியின் பல்லெல்லாம் அடைத்துக்கொள்ளும்.

இனி அளவுச் சோதனை. ஊறல் எண்ணெயை வீணாக்க மனமின்றி, வெறும் ஆலிவ் எண்ணெயிலேயே நான்கு சிறு கிண்ணங்கள் செய்தேன். ஊறியதும் ஊறாததும் இறுக்கத்தில் வேறுபடுவதில்லை. ஒவ்வொன்றிலும் 20 கிராம் எண்ணெய். மெழுகு முறையே 2 கிராம், 2.9 கிராம், 4 கிராம், 5 கிராம். அதாவது ஒன்றுக்குப் பத்து, ஏழு, ஐந்து, நான்கு.

இந்தச் சோதனைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் வழி, உறைபெட்டியில் குளிர்ந்த கரண்டியில் ஒரு சொட்டு விட்டு, இறுகியதும் விரலால் அழுத்திப் பார்ப்பது. என்னை ஏமாற்றியதும் அதுதான். குளிர்ந்த கரண்டியில் ஒன்றுக்குப் பத்துகூடக் கம்பீரமாக நிற்கும், ஏனென்றால் நான் அழுத்திப் பார்ப்பது பனி நாட்டுக் களிம்பை. கரண்டியைச் சொட்டு இறுகுவதற்கு மட்டும் பயன்படுத்தி, பிறகு அதைச் சமையல் மேடையில் இருபது நிமிடம் விட்டு, அறையின் சூட்டுக்கு வந்தபின் அழுத்தினேன். அதுவும் முதல் மதிப்பீடுதான். இந்தக் களிம்பு இறுகி முடிய ஒரு முழு நாள் பிடிக்கிறது. இரவில் மெத்தென்று இருந்தது காலையில் ஒரு படி கெட்டியாக இருக்கும். அவசரப்பட்டு இரவிலேயே மெழுகைக் கூட்டினால் மறுநாள் வருந்த வேண்டியிருக்கும்.

மறுநாள் பகலில், வெப்பமானி 31 டிகிரி காட்டியபோது நான்கையும் தொட்டுப் பார்த்தேன். ஒன்றுக்குப் பத்து, டப்பாவைச் சாய்த்தால் மெல்ல நகர்ந்தது. விரல் வைத்த குழியின் ஓரத்தில் எண்ணெய் ஊறியது. ஒன்றுக்கு ஏழு, வெண்ணெயை வெளியே எடுத்து வைத்ததுபோல் இருந்தது. நகர்ந்து ஓடவில்லை, ஒரு விரலில் எளிதாக அள்ளிக் கைமுழுதும் பரப்ப முடிந்தது. பாத்திரம் கழுவிக் காய்ந்த கைகளுக்கு இதுவே எனக்குப் பிடித்தது, வாயகன்ற கண்ணாடிக் குப்பியில் வைத்தால் போதும். ஒன்றுக்கு ஐந்தில் விரலை அழுத்திச் சுழற்ற வேண்டியிருந்தது; உடல் சூட்டில் இரண்டு மூன்று நொடியில் இளகி, வெடிப்பில் ஏறி, அங்கேயே நின்றது. ஒன்றுக்கு நான்கு அதைவிட உறுதி, ஆனால் தோலில் சற்று இழுத்தது. மெல்லிய மெழுகுப்படலம் விட்டுப்போனதாக அம்மா சொன்னார். குதிகாலுக்கு ஒன்றுக்கு ஐந்து என்று முடிவாயிற்று. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகும் டப்பாவாக இருந்தால் மட்டும் ஒன்றுக்கு நான்கு எடுப்பேன்.

என் பழைய கூழையும் எறிந்துவிடவில்லை. அதில் 220 கிராம் எண்ணெய். ஒன்றுக்கு ஐந்து வேண்டுமானால் மெழுகு 44 கிராம் தேவை. ஏற்கெனவே 28 இருந்ததால் 16 கிராம் சேர்த்து உருக்கியதும் சரியாகிவிட்டது. மிகக் கெட்டியாகிப் போனதற்கும் இதே கணக்கைத் திருப்பிப் போட்டு எண்ணெயைச் சேர்க்கலாம். ஒரே நிபந்தனை, எடைகளை எழுதி வைத்திருக்க வேண்டும்.

முழு அளவில் செய்தபோது 165 கிராம் ஊறல் எண்ணெய்க்கு 33 கிராம் மெழுகு எடுத்தேன். மெழுகை ஒருபோதும் நேரடித் தீயில் வைப்பதில்லை. கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த சிறு பாத்திரத்திலேயே உருக்குகிறேன். உருகிய மெழுகில் ஆறிய எண்ணெயைக் கொட்டினால் அது உடனே செதில் செதிலாகத் திரண்டுவிடும் என்பதால், எண்ணெயையும் தனியே வெதுவெதுப்பாக்கி ஊற்றி, எல்லாம் தெளியும்வரை கிளறினேன். அடுப்பிலிருந்து இறக்கியபின் 1 கிராம் வைட்டமின் ஈ எண்ணெய். இது எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதைத் தள்ளிப்போடும். பூஞ்சையை இது தடுக்காது, ஈரமில்லாமை மட்டுமே தடுக்கும்.

60 டிகிரிக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஓரத்தில் வெண்படலம் தோன்றுவதற்கு முன்னதாக, 30 கிராம் டப்பாக்களில் ஊற்றினேன். ஆறு டப்பாவும், ஒரு சின்னக் குப்பியும் நிறைந்தன. தேன்மெழுகு ஆறும்போது சுருங்குவதால் மிகச் சூடாக ஊற்றினால் நடுவில் குழி விழும். விழுந்தால், மிச்சத்தை உருக்கி நிரப்பலாம். கூரை மின்விசிறியை மறக்காமல் நிறுத்துங்கள், காற்றுப்பட்ட மேற்பரப்பு முதலில் உறைந்து சுருக்கம் விழுந்துவிடும். முழுதும் ஆறுமுன் மூடியைப் போடுவதும் கூடாது, உள்ளே வேர்த்த நீர் களிம்பின்மேல் சொட்டும். மெழுகு ஒட்டிய பாத்திரத்தைச் சூடாக இருக்கும்போதே தாளால் துடைத்துவிடுங்கள். கழுவு தொட்டியில் ஊற்றினால் குழாய்க்காரரை அழைக்க வேண்டிவரும்.

அம்மா குளித்தவுடன், குதிகால் இன்னும் லேசாக ஈரமாக இருக்கும்போதே தடவி, காலுறை போட்டுக்கொள்கிறார். மெழுகும் எண்ணெயும் செய்வது பெரும்பாலும் அந்த ஈரத்தை வெளியே போகவிடாமல் பிடித்து வைப்பதுதான். காய்ந்த தோலில் தடவினால் பயன் பாதியாகிறது. பூவின் பங்கு எவ்வளவு என்பதை என் சமையலறையிலிருந்து நான் சொல்ல முடியாது. மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற 254 பெண்களிடம் பிரான்சில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், காலெண்டுலா களிம்பு தடவியவர்களுக்கு, ஒப்பீட்டுக்குக் கொடுத்த வேறொரு மருந்து தடவியவர்களைவிடத் தோல் அழற்சி குறைவாக இருந்தது. ஆனால் அது மருந்தாகத் தயாரிக்கப்பட்ட களிம்பு, அளவு சீராக்கப்பட்டது. என் டப்பாவுக்கு அந்தப் பெருமையை இரவல் வாங்க மாட்டேன். இது காய்ந்த, உரசிய, வெடித்த தோலுக்கு உரியது. நீர் வடியும் புண்ணுக்கும், சீழ் வைத்ததற்கும், புதிய தீக்காயத்துக்கும் தடவக் கூடாது. இனிப்புநீர் உள்ளவர்களுக்குக் குதிகால் வெடிப்பில் இரத்தம் தெரிந்தால் களிம்பைத் தேடாமல் கிளினிக்குக்குப் போக வேண்டும். எங்கள் அத்தைக்கு நான் டப்பா கொடுக்க மறுத்தது அதனால்தான், அவர் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. செவ்வந்திப் பூ பட்டால் அரிப்பு எடுப்பவர்களுக்குக் காலெண்டுலாவும் ஒவ்வாமல் போகலாம் என்பதால், முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

டப்பாவின் அடியில் நாளையும், மெழுகின் எடையையும், எண்ணெயின் எடையையும் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஆறு மாதத்துக்கு மேல் வைப்பதில்லை. பழைய முறுக்கு வாடை எட்டிப் பார்த்தால் அதற்கு முன்பே குப்பைக்குப் போய்விடும். ஆறில் ஒன்றைத் தம்பி காரில் மறந்துவிட்டான். பட்டர்வொர்த்தில் ஒரு பகல் முழுதும் வெயிலில் நின்ற காருக்குள் அது முழுதாக உருகி, மெல்ல ஆறி, ரவைபோல் மணல் மணலாகத் திரும்பி வந்திருந்தது. கெட்டுப்போகவில்லை, மறுபடி கொதிநீரில் வைத்துத் தெளிய உருக்கி ஊற்றினேன், மணல் மறைந்தது.